இணைப்புக்கு முன் வழங்குநர் ஒப்பந்தங்களிலிருந்து மூன்று ஷரத்துகளைப் பிரித்தெடுக்கும் முறை

இரண்டு நிறுவனங்கள் இணையப் போகும்போது, கலையப் போகும் நிறுவனம் தன் வழங்குநர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இணைப்புக்குப் பிறகும் அப்படியே செல்லுமா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு மூன்று ஷரத்துகளைத் தேடுகிறோம். வேலையை வேறொருவரிடம் கொடுத்துச் செய்விக்கலாமா என்பதைத் துணை ஒப்பந்த ஷரத்து சொல்லும். ஒப்பந்தத்தையே வேறொருவருக்கு மாற்றலாமா என்பதை உரிமை மாற்ற ஷரத்து சொல்லும். நிறுவனத்தின் உரிமையாளர்கள் மாறினால் எதிர்த்தரப்பு என்ன செய்யலாம் என்பதைக் கட்டுப்பாட்டு மாற்ற ஷரத்து சொல்லும். இந்தியச் சட்டத்துக்கு உட்பட்ட இணைப்பை வைத்து, இந்தப் பணியை முதன்முறையாகச் செய்பவருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: இணைப்பின் வடிவத்தை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஒப்பந்தத்தைத் திறப்பதற்கு முன், இணைப்பு எந்த வழியில் நடக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். பங்குகள் மட்டும் கைமாறினால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனம் அதே நிறுவனமாகவே தொடரும். அப்போது உரிமை மாற்றத் தடை பொதுவாகக் குறுக்கிடாது. கட்டுப்பாட்டு மாற்ற ஷரத்துதான் குறுக்கிடும். தொழிலை மட்டும் பிரித்து விற்றால் ஒப்பந்தம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்கிறது. அங்கே உரிமை மாற்ற ஷரத்துதான் முதன்மை.

மூன்றாவது வழி, கம்பெனிகள் சட்டம் 2013இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின் கீழ் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணையோடு நடக்கும் இணைப்பு. சொத்துகளும் பொறுப்புகளும் ஆணையின் பலத்தால் புதிய நிறுவனத்தைச் சேர்வதால், உரிமை மாற்றத் தடை இங்கே பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது. ஜெனரல் ரேடியோ நிறுவனத்துக்கும் எம்.ஏ. காதருக்கும் இடையிலான வழக்கில், நீதிமன்ற ஆணையின்படி நடந்த இணைப்பாக இருந்தாலும், நிறுவனங்கள் தாமே விரும்பி விண்ணப்பித்துப் பெற்றதால் அது உரிமை மாற்றமே என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாததால் ஹைதராபாத் கட்டடத்தின் வாடகை உரிமை பறிபோனது. அது வாடகை வழக்கு. சரக்கு வழங்கும் ஒப்பந்தத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது அந்தந்த ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. அதனால்தான் அந்தச் சொற்களை எழுத்து மாறாமல் எடுக்க வேண்டும் என்கிறோம்.

படி 2: ஒரு வழங்குநரின் ஆவணங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துத் தேடத்தக்கதாக்குங்கள்

ஒரு வழங்குநருக்கு ஓர் உறை என்று வைத்துக்கொண்டு, முதன்மை ஒப்பந்தம், திருத்தங்கள், பின்னிணைப்புப் பட்டியல்கள், பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் அச்சிட்ட பொது நிபந்தனைகள் ஆகிய அனைத்தையும் அதில் சேருங்கள். எண்ணிட்ட திருத்தங்களில் 1, 3 மட்டும் இருந்தால், 2 எங்கே என்று கேட்காமல் மேலே செல்லாதீர்கள். ஒப்பந்த விவரங்களை மூன்றாம் நபரிடம் காட்டக் கூடாது என்ற இரகசிய ஷரத்து இருக்கிறதா என்பதையும், இணையும் தரப்பினர் ஆவணங்களைப் பார்க்கும் டேட்டா ரூமில் ஏற்றுவதற்கு முன், இப்போதே பாருங்கள்.

ஸ்கேன் செய்த பக்கங்களில் தேடினால் எதுவும் அகப்படாது. அந்தப் பக்கங்களைத் தேட முடியாது என்ற எச்சரிக்கையும் வராது. ஆகவே எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பிறகே தேட வேண்டும்.

```
ocrmypdf --skip-text -l eng 017.pdf 017-o.pdf
pdftotext -layout 017-o.pdf 017.txt
wc -w 017.txt
```

முதல் வரியில் உள்ள `--skip-text` எழுத்து இல்லாத பக்கங்களை மட்டும் படித்து மாற்றும். முதன்மை ஒப்பந்தம் கணினியில் உருவான கோப்பாகவும், கடைசியில் ஒட்டிய திருத்தம் ஸ்கேன் செய்த படமாகவும் இருப்பது மிகச் சாதாரணம். அத்தகைய கோப்பில் மொத்தச் சொல் எண்ணிக்கை நிறைவாகத் தோன்றினாலும் திருத்தம் மட்டும் கண்ணில் படாமல் தப்பிவிடும். நாற்பது பக்க ஒப்பந்தத்தில் சில நூறு சொற்களே வந்தால், ஸ்கேன் மங்கலாக இருக்கிறது என்று பொருள். அதைக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

படி 3: தலைப்பை நம்பாமல் வேர்ச்சொல்லால் தேடுங்கள்

```
grep -n -i -E "assign|transfer|novat|sub-?contract|delegat|outsourc" 017.txt
grep -n -i -E "control|merge|amalgamat|successor|operation of|constitution" 017.txt
```

முழுத் தொடரைத் தேடினால், அது இரண்டு வரிகளில் உடைந்திருக்கும் இடத்தைக் கருவி தவறவிடும். வேர்ச்சொல்லுக்கு அந்தக் குறை குறைவு. `control` என்று தேடும்போது தரக் கட்டுப்பாடு பற்றிய வரிகளும் நிறைய வரும். அவற்றைத் தள்ளிவிட்டுப் படிக்கும் சிரமம் தேவையான சிரமமே. இந்திய ஒப்பந்தங்களில் கட்டுப்பாட்டு மாற்றம் சில சமயம் `constitution` என்ற சொல்லுக்குள் இருக்கும்; நிறுவனத்தின் அமைப்பு மாறினால் தெரிவிக்க வேண்டும் என்ற ஒற்றை வரியாக அது வரும்.

இதற்குத் தனித் தலைப்பு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடிவுறுத்தல் ஷரத்தின் உட்பிரிவுகளில் ஒன்றாகவோ, வரையறைகளில் ‘உரிமை மாற்றம் என்பது கட்டுப்பாட்டு மாற்றத்தையும் உள்ளடக்கும்’ என்ற ஒரு வாக்கியமாகவோ அது ஒளிந்திருக்கும். ஆகவே தேடலில் எது வந்தாலும் வராவிட்டாலும், வரையறைகளையும் முடிவுறுத்தல் ஷரத்தையும் முழுமையாகப் படியுங்கள்.

படி 4: யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் பிரித்துப் பதியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ‘வழங்குநர் இந்த ஒப்பந்தத்தை மாற்றக் கூடாது’ என்பது வழங்குநரை மட்டும் கட்டுப்படுத்துகிறது. சரக்கை வாங்கும் தரப்பான நம் நிறுவனம் இணைவதற்கு அது தடையே அல்ல. ‘இரு தரப்பினரும்’ என்றோ ‘வாங்குபவர்’ என்றோ இருந்தால் மட்டுமே நம் பக்கத்துக்கும் தடை. இரண்டையும் ஒரே சிவப்பு நிறத்தில் குறித்த பட்டியல் வழக்கறிஞருக்குப் பயன்படாது. தேவையில்லாத இசைவுக் கடிதங்களை அனுப்ப வைத்து, விலையை உயர்த்திப் பேசும் வாய்ப்பை வழங்குநருக்குத் தானாகவே கொடுத்துவிடும்.

அட்டவணையில் ஷரத்தின் எண், பக்கம், எழுத்து மாறாத வாசகம் ஆகியவற்றுக்குப் பிறகு, யார் மீது தடை, எந்த நிகழ்வு அதைத் தூண்டுகிறது, இசைவா வெறும் அறிவிப்பா, எத்தனை நாள், மீறினால் விளைவு என்ன, விதிவிலக்கு உண்டா, எந்த நாட்டுச் சட்டம் என்ற கட்டங்களை வையுங்கள். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் டெலவேர் சான்சரி நீதிமன்றம் 2013இல் மெசோ ஸ்கேல் – ரோஷ் வழக்கில், ஒப்பந்தத் தரப்பு கலையாமல் துணை நிறுவனமாகத் தொடரும் வகை இணைப்பு உரிமை மாற்றம் ஆகாது என்று முடிவு செய்தது. நிகழ்வும் வாசகமும் வேறுபட்டால் விடையும் வேறுபடும்.

ஷரத்தே இல்லாத ஒப்பந்தத்தில் கட்டத்தைக் காலியாக விடாமல், ‘எல்லாப் பக்கமும் படித்தேன், இல்லை’ என்று எழுதுங்கள். ஒப்பந்தம் மௌனமாக இருப்பது முழு அனுமதி ஆகாது. பயனைப் பெறும் உரிமையைப் பொதுவாக மாற்றலாம், கடமையை எதிர்த்தரப்பின் இசைவின்றி மாற்ற முடியாது என்பது 1962இல் உச்ச நீதிமன்றம் கர்தா கம்பெனி வழக்கில் உறுதி செய்த விதி.

ஒரு ஒப்பந்தத்தை முழுவதும் பார்ப்போம்

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு. மோட்டார் பம்பு செய்யும் நிறுவனம் ஒன்று பெரிய நிறுவனம் ஒன்றோடு இணைந்து கலையப் போகிறது. அதற்கு முன்னதாகப் பெரிய நிறுவனம் பம்பு நிறுவனத்தின் 60 சதவீதப் பங்குகளை வாங்குகிறது. பம்பு நிறுவனத்துக்கு இரும்பு வார்ப்புகளை அளிக்கும் பவுண்டரியுடன் 2019ஆம் ஆண்டு முதன்மை ஒப்பந்தமும், இரண்டு திருத்தங்களும் இருக்கின்றன; இரண்டாம் திருத்தம் 2022ஆம் ஆண்டுடையது.

முதன்மை ஒப்பந்தத்தின் 14.2 ஷரத்து, இரு தரப்பினரும் சட்டத்தின் செயலாலோ வேறு வகையிலோ எழுத்துப்பூர்வ இசைவின்றி ஒப்பந்தத்தை மாற்றக் கூடாது என்கிறது. இசைவைக் காரணமின்றி மறுக்கக் கூடாது என்றும் சேர்க்கிறது. இதோடு நிறுத்தியிருந்தால் நிலைமை எளிது. ஆனால் இரண்டாம் திருத்தம் 14ஆம் ஷரத்தை முழுவதுமாக மாற்றி எழுதும்போது அந்தக் கடைசித் தொடரை விட்டுவிட்டது. இப்போது பவுண்டரி காரணம் சொல்லாமலே மறுக்கலாம். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கமோ, வார்ப்புகளை வாங்குபவரான பம்பு நிறுவனம் தடையின்றி மாற்றலாம் என்கிறது. முரண்பாடு வந்தால் முதன்மை ஒப்பந்தமே மேலோங்கும் என்று 2.1 ஷரத்து சொல்வதால், பின்பக்க வரியை நம்ப முடியாது. அட்டவணையில் மூன்று வாசகங்களையும் எழுதி, எது நடைமுறையில் உள்ளது என்பதையும் குறித்தோம்.

முடிவுறுத்தலின் 18.1(ஊ) உட்பிரிவில், வாங்குபவரின் கட்டுப்பாடு மாறினால் பவுண்டரி 30 நாள் அறிவிப்பு கொடுத்து விலகலாம் என்று இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட வாக்குரிமையே கட்டுப்பாடு என்பது வரையறை. பங்குகள் கைமாறும் நாளிலேயே இந்த உரிமை பிறந்துவிடுகிறது. தீர்ப்பாய ஆணை வரும்வரை காத்திருப்பதில்லை. 14.2 ஷரத்தோ, இணைப்பு நடைமுறைக்கு வரும்போதுதான் தூண்டப்படுகிறது. ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு தேதிகள்; இரண்டையும் தனித்தனி வரிசைகளில் எழுதினோம்.

9.3 ஷரத்து, கடைசல் வேலையைப் பின்னிணைப்புப் பட்டியல் மூன்றில் உள்ள பட்டறைகளிடம் மட்டும் பவுண்டரி துணை ஒப்பந்தத்துக்கு விடலாம் என்கிறது. இது வழங்குநர் மீதான தடை, இணைப்பை நிறுத்தாது. ஆனால் கடைசலின்போது வார்ப்பைப் பிடித்துவைக்கும், பம்பு நிறுவனத்துக்குச் சொந்தமான ஜிக்குகள் அந்தப் பட்டறைகளில் இருப்பது பட்டியலைப் படித்தபோதுதான் தெரிந்தது. பட்டறைகளுக்கும் நமக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை. எனவே எந்த ஜிக் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைப் பவுண்டரியிடமிருந்து கையெழுத்தோடு பெற வேண்டும் என்ற குறிப்போடு அந்த வரிசையை மஞ்சளில் வைத்தோம்.

படி 5: சரிபார்த்து ஒப்படையுங்கள்

‘இல்லை’ என்று பதிந்த ஒப்பந்தங்கள் அனைத்தையும், மற்றவற்றில் பத்துக்கு ஒன்றையும், முதலில் படிக்காத ஒருவர் மறுபடி படிக்கட்டும். ஒரே வகைத் தவறு இரண்டு முறை தென்பட்டால், அந்த வகை ஒப்பந்தங்கள் முழுவதையும் மீண்டும் பார்க்க வேண்டும். பிறகு வழங்குநர் வாரியாக இல்லாமல், தூண்டப்படும் தேதி வாரியாக அட்டவணையை வரிசைப்படுத்தி வழக்கறிஞரிடம் கொடுங்கள். பவுண்டரியின் வரிசை அதில் மேலே வரும், ஏனெனில் அதன் இசைவும், விலகும் உரிமையைப் பயன்படுத்தமாட்டோம் என்ற எழுத்தும், பங்குப் பரிமாற்றத்துக்கு முன்னதாகவே ஒரே கடிதத்தில் கையில் இருந்தாக வேண்டும்.