பூக்கோட்டுக்குள் தொலையும் தேதி

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. இலவசக் கண் பரிசோதனை முகாம். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருந்தார். மேலே ஒரு பூக்கோடு, கீழே ஒரு பூக்கோடு, நடுவில் இரண்டு, தலைப்புக்கு இருபுறமும் நட்சத்திரம். முகாமுக்கு வர வேண்டியவர்களோ பார்வை மங்கிய பெரியவர்கள். அவர்களில் பலருக்கு முகாம் எந்த நாள் என்பதே அந்தச் செய்தியிலிருந்து போய்ச் சேரவில்லை. அதன் வடிவம் இப்படி இருந்தது:

```
🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃
🌟🌟 இலவச கண் பரிசோதனை முகாம் 🌟🌟
🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃
👉 நாள்: மார்ச் 8, ஞாயிறு
👉 நேரம்: காலை 9 முதல் 1 வரை
👉 இடம்: ஊராட்சி நடுநிலைப் பள்ளி
🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃
👉 ஆதார் நகல், பழைய கண்ணாடி
கொண்டு வரவும்
🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃🌺🍃
```

இந்த ஒரு அறிவிப்பை வைத்தே பேசலாம். எமோஜிக் கோடுகளில் நடக்கும் தவறுகள் அநேகமாக எல்லாமே இதில் இருக்கின்றன.

முதல் வரியில் கோடு போடுவது

இதுதான் பெரிய தவறு, திருத்துவதற்கு எளிதானதும் இதுதான். ஒரு செய்தியைப் பலரும் முதலில் பார்ப்பது குழுவுக்குள் போய் அல்ல. போனின் மேல்பகுதியில் வந்து விழும் நோட்டிஃபிகேஷனில் பார்க்கிறார்கள், அல்லது உரையாடல் பட்டியலில் குழுவின் பெயருக்குக் கீழே தெரியும் துண்டில் பார்க்கிறார்கள். அங்கே செய்தியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். அந்த இடத்தைப் பன்னிரண்டு பூக்கள் எடுத்துக்கொண்டால், வந்தது கண் முகாமா, காலை வணக்கமா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் குழுவில் தினமும் காலை வணக்கச் செய்திகளும் இதே பூக்கோட்டோடுதான் வருகின்றன. ஆகவே பலர் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துத் திறக்காமலே விட்டார்கள்.

முதல் வரியில் என்ன, எப்போது என்ற இரண்டும் இருந்தால் செய்தியைத் திறக்காதவருக்கும் விஷயம் போய்விடும். "மார்ச் 8 ஞாயிறு, இலவசக் கண் பரிசோதனை முகாம்" என்று தொடங்கினாலே பாதி வேலை முடிந்தது.

எல்லாப் போனிலும் ஒரே அகலம் என்று நினைப்பது

கோடு போடுபவர் தன் போனில் பார்த்து, வரி நிறையும் வரை பூக்களை அடுக்குகிறார். ஆனால் எமோஜி என்பது கோடல்ல, எழுத்து. எழுத்தளவைப் பெரிதாக்கினால் அதுவும் பெரிதாகும், வரி முடிந்தால் அடுத்த வரிக்கு மடங்கும். அவர் போனில் பன்னிரண்டு பூ ஒரே வரியில் நின்றது. எழுத்தளவைப் பெரிதாக வைத்திருக்கும் என் அம்மாவின் போனில் ஒன்பது நின்று, மீதி மூன்று கீழ்வரியில் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நான்கு கோடுகளும் எட்டு வரிகளாகிவிட்டன. அவற்றுக்கு நடுவே உண்மையான தகவல் நான்கைந்து வரிதான்.

தலைப்புக்கு இருபுறமும் வைத்த நட்சத்திரங்களுக்கும் இதே கதி. இடப்பக்க நட்சத்திரங்கள் தலைப்போடு நிற்கின்றன; வலப்பக்கத்தவை "முகாம்" என்ற சொல்லோடு சேர்ந்து அடுத்த வரிக்கு இறங்கிவிடுகின்றன. நாற்புறமும் கட்டம் கட்ட முயல்பவர்களுக்கு இது இன்னும் மோசம். வலப்பக்கச் சுவருக்காக இடைவெளி விட்டு விட்டு வைத்த எமோஜிகள் ஒவ்வொரு போனிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல, "ர" குறுகியது, "ணை" அகலமானது. ஆகவே இடைவெளியை எண்ணி வைத்துச் சுவர் கட்ட எந்த வழியும் கிடையாது.

நீளம் கூடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செய்தி நீண்டுவிட்டால் வாட்ஸ்அப் அதைப் பாதியில் நிறுத்தி, மீதியைப் பார்க்கத் தட்டச் சொல்லும். பெரிய அறிவிப்புகளில் கடைசியில் இருக்கும் தொடர்பு எண்தான் பெரும்பாலும் அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

காதால் படிப்பவரை மறந்துவிடுவது

என் பக்கத்து வீட்டு அண்ணன் ஆசிரியர், பார்வை இல்லாதவர். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் அவருக்குச் செய்திகளைப் படித்துச் சொல்கிறது. ஐபோனில் அந்த வேலையை வாய்ஸ்ஓவர் செய்கிறது, கணினியில் என்விடிஏ. ஒவ்வோர் எமோஜிக்கும் ஒரு பெயர் உண்டு. எமோஜி வரும் இடத்தில் இவை அந்தப் பெயரைச் சொல்லும். கருவியின் மொழியைப் பொறுத்து அது தமிழிலும் வரலாம், ஆங்கிலத்திலும் வரலாம். 🌺 வந்தால் "ஹைபிஸ்கஸ்". 🍃 வந்தால் "லீஃப் ஃப்ளட்டரிங் இன் விண்ட்", அதாவது காற்றில் படபடக்கும் இலை. 👉 இன்னும் நீளம்: "பேக்ஹேண்ட் இண்டெக்ஸ் பாயிண்டிங் ரைட்".

அண்ணனோடு உட்கார்ந்து அந்த அறிவிப்பைக் கேட்டேன். ஒரு பூவும் இலையும் சேர்ந்த ஜோடிக்கு ஏறக்குறைய இரண்டரை நொடி. ஒரு கோட்டில் ஆறு ஜோடி, ஆக பதினைந்து நொடி. நான்கு கோட்டுக்கு ஒரு நிமிடம். முகாமைப் பற்றிய சொற்களை மட்டும் கேட்டால் இருபது நொடிக்குள் முடிந்துவிடும். அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "தம்பி, பூ முடியுறதுக்குள்ள கவனம் வேற எங்கயோ போயிடுது. தேதி வர்றப்ப நான் கேட்கிற நிலையில இல்ல."

ஏன் தாண்டிப் போகக் கூடாது என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தொட்டால் முழுச் செய்தியும் ஒரே மூச்சாக வாசிக்கப்படுகிறது. வரி வரியாக நகரும் அமைப்பு இருக்கிறதுதான். ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் வாசிப்பு முறையை மாற்றி, வரியை வரியாகத் தேட வேண்டும். தேதியைத் தவறவிட்டால் பலரும் செய்வது, முதலிலிருந்து மறுபடி கேட்பதுதான். மறுபடி அந்த முதல் பதினைந்து நொடி.

ஒரே எமோஜி அடுத்தடுத்து வந்தால் சில திரைவாசிப்பான்கள் "பன்னிரண்டு செம்பருத்தி" என்பதுபோல் எண்ணிக்கையாகச் சுருக்கிச் சொல்லிவிடும். பூ, இலை, பூ, இலை என்று மாற்றி மாற்றி வைக்கும்போது அந்தச் சுருக்கம் வேலை செய்யாது. பார்க்க அழகு கூட்டும் அதே மாற்றுவரிசைதான் கேட்பவருக்கு மிக அதிகச் சுமை. சுருக்கும் வசதி எல்லாக் கருவியிலும் ஒன்றுபோல் இல்லை. அதனால் ஒரே பூவாகப் போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று இருக்கவும் முடியாது.

எமோஜியை விட்டுவிட்டு ━━━━ போன்ற கோட்டுக் குறிகளுக்கு மாறுவோரும் உண்டு. அவை யூனிகோடில் கட்டம் வரைவதற்கென்று இருக்கும் குறிகள். சில கருவிகள் அவற்றைப் பேசாமல் விடும், சில பெயர் சொல்லும். மடங்குகிற பிரச்சினை இவற்றுக்கும் அப்படியே உண்டு.

பகுதி பிரிக்க வெற்று வரி போதாது என்று எண்ணுவது

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. முன்பு இன்ஸ்டாகிராமில் பத்திகளுக்கு நடுவே விட்ட வெற்று வரி பதிவேறும்போது காணாமல் போகும். அதனால் நடுவில் ஒரு புள்ளியோ எமோஜியோ வைத்து வரியைப் பிடித்து வைத்தார்கள். வாட்ஸ்அப்பில் அந்தத் தேவை இல்லை. எண்டர் விசையை இரண்டு முறை அழுத்தினால் வெற்று வரி நிற்கும்; கணினியில் என்றால் ஷிஃப்ட்டோடு சேர்த்து எண்டர். அந்த வெற்று வரி எந்த அகலத்திலும் மடங்காது, யாருக்கும் சத்தமாக வாசிக்கப்படாது.

தலைப்பைத் தனியாகக் காட்ட நட்சத்திர எமோஜிக்குப் பதில் நட்சத்திரக் குறி போதும்: சொல்லின் இருபுறமும் இடைவெளி இல்லாமல் * வைத்தால் தடித்த எழுத்தாகும். உள்பக்கம் இடைவெளி விட்டால் ஆகாது. நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி, "சரி வரலை" என்று எமோஜிக்குத் திரும்பிவிடுகிறார்கள். 👉 வைக்கும் இடத்தில் ஒரு - குறியும் ஓர் இடைவெளியும் போட்டால் வாட்ஸ்அப் அதைப் பட்டியலாக்கிவிடும். 2024-இலிருந்து இந்த வசதி இருக்கிறது.

அந்த அறிவிப்பை அண்ணனும் நானும் சேர்ந்து மாற்றி எழுதினோம்:

```
*மார்ச் 8 ஞாயிறு: இலவசக் கண் பரிசோதனை முகாம்*

- காலை 9 முதல் பகல் 1 வரை
- ஊராட்சி நடுநிலைப் பள்ளி

ஆதார் நகலும் பழைய கண்ணாடியும் கொண்டு வாருங்கள் 👓
```

கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். எமோஜியே கூடாது என்பதில்லை. ஒன்றே ஒன்றாக, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு வரியின் கடைசியில் வந்தால் அது யாரையும் தடுக்காது. வரியின் தொடக்கத்தில் வந்தால், ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் பெயரைக் கேட்டுக் கடக்க வேண்டியிருக்கும். சொல்லுக்குப் பதிலாக எமோஜி வைப்பதும் வேண்டாம். "📍 பள்ளி" என்பதைவிட "இடம்: பள்ளி" எல்லோருக்கும் புரியும்.

சொந்த இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. பகுதி பிரிக்க `<hr>` போட்டு, அழகை ஸ்டைலில் வைக்கலாம். அது திரைக்கு ஏற்ற அகலத்தில் தானே நிற்கும். பூதான் வேண்டும் என்றால், திரைவாசிப்பானுக்கு அதை மறைத்துவிடலாம்:

```html
<p aria-hidden="true">🌺🍃🌺</p>
```

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் செய்திகளில் எழுதுகிற நமக்கு இப்படி மறைக்கும் வழி கிடையாது. போட்டது எல்லோருக்கும் கேட்கும்.

அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ள, செய்தியை முதலில் உங்களுக்கே அனுப்பி, அமைப்புகளில் எழுத்தளவைக் கடைசி வரை பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் அணுகல்தன்மைப் பகுதியில் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கேளுங்கள். டாக்பேக் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் தேர்வாகும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். அதை அணைக்கவும் அப்படித்தான் தட்ட வேண்டும் என்பதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் விழா, திருமணம் போன்றவற்றுக்கு அலங்காரம் இல்லாமல் அழைக்க மனம் வராது, அது நியாயம்தான். அதற்கு அழைப்பிதழைப் படமாகச் செய்து, பூவும் தோரணமும் அந்தப் படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே நாள், நேரம், இடம் மூன்றையும் படத்தோடு சேர்த்து அதன் கீழே எழுத்தாகவும் அனுப்புங்கள்.