விளம்பரத்தில் எந்த மாற்றம் பலன் தந்தது என்று அறிய

செக்கு நல்லெண்ணெய் விளம்பரமொன்றில் தொடக்க வரி, சலுகை, வடிவம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், விற்பனை கூடினாலும் காரணம் தெரியாது. பழைய விளம்பரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ‘10% தள்ளுபடி’ என்பதை ‘இலவச டெலிவரி’ என்று மட்டும் மாற்றிய பிரதியை, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின், பார்வையாளர்களை இரு குழுக்களாகப் பிரித்துக் காட்டும் ஏ/பி சோதனை வழியாக, சம பட்ஜெட்டில் இணையாக ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே விளம்பரத் தொகுப்பில் போட்டால், அல்காரிதம் ஒன்றுக்கே பெரும்பகுதிப் பணத்தைத் திருப்பிவிடக்கூடும் என்பதால் ஒப்பீடு கெட்டுவிடும். வென்ற சலுகையை நிலைநிறுத்திய பிறகு வீடியோவின் தொடக்க வரியை மாற்றி, முதல் 3 விநாடிகளைத் தாண்டிப் பார்த்தோர் விகிதத்துடன் ஆர்டர்களையும் கவனியுங்கள். அசையாத படத்துக்கு அந்த அளவீடு இல்லாததால், படமா வீடியோவா என்ற வடிவத்தை ஓர் ஆர்டருக்கான செலவால் ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு 12, மற்றதற்கு 9 ஆர்டர் என்ற வித்தியாசம் தற்செயலாகவும் வரும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.