இரண்டாம் தொனியில் ஒளிந்திருக்கும் ட்ஸெ எழுத்துகள்

சீன மரபுக் கவிதையின் ஐந்தெழுத்து நாலடியில் ஓர் எழுத்தைப் பொருத்தும்போது, அதன் இன்றைய உச்சரிப்பு இரண்டாம் தொனியாகவும், சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் குறிக்கும் பின்யினில் b, d, g, j, zh, z ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குவதாகவும், இறுதியில் மூக்கொலி இல்லாததாகவும் இருந்தால், அதைச் சமத்தொனியான பிங் என்று கொள்ளாமல், சமமற்ற தொனியான ட்ஸெ என்றே கொள்ளுங்கள்.

பழைய பிங் எழுத்துகளுள் அதிர்வுள்ள அடைப்பொலியில் தொடங்கியவை இன்றைய மாண்டரின் சீனத்தில் இரண்டாம் தொனிக்கு வந்தபோது p, t, k போன்ற மூச்சொலிகளாக மாறிவிட்டன. ஆகவே மூச்சொலியின்றி அத்தொனியில் நிற்பவை, ஏறக்குறைய எல்லாமே, க், த், ப் போன்ற அடைப்பொலியில் முடிந்த, ட்ஸெ வகையைச் சேர்ந்த பழைய ரூ தொனியிலிருந்து வந்தவை. ‘翠竹臨風立’ என்று ஓரடி எழுதினால், இன்றைய செவிக்கு இரண்டாம் எழுத்தான 竹 (zhú) பிங்காக ஒலிப்பதால் அடி பிழையெனத் தோன்றும். உண்மையில் அது ட்ஸெ-ட்ஸெ-பிங்-பிங்-ட்ஸெ என்ற அமைப்பில் சரியாகவே அமைந்துள்ளது. அதே 竹, பிங் இயைபு வேண்டும் இரண்டாம், நான்காம் அடிகளின் இறுதிக்கு ஆகாது.

முதல் தொனிக்குப் போன ரூ எழுத்துகளையும் (一, 八, 出), இரண்டாம் தொனியில் sh, x, f கொண்டு தொடங்குபவற்றையும் (十, 學, 福) இவ்விதி காட்டாது. அவற்றைக் கான்டனீஸ் உச்சரிப்பில் -p, -t, -k இறுதி இருக்கிறதா என்று பார்த்தே அறிய வேண்டும். இன்றைய ஒலியையே அளவாகக் கொள்ளும் புதிய இயைபு முறையில் எழுதுவோருக்கு இது பொருந்தாது.