அரை வாளிக்குள் ஆறிப்போன கீசர் தண்ணீர்

புது 15 லிட்டர் கீசர், 2000 வாட். 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்டியிருந்தோம். இருபது நிமிடம் போட்டால் விளக்கு அணையும். ஆனால் முதல் இரண்டு சொம்பு மட்டுமே கொதிக்கும், அரை வாளிக்குள் வெதுவெதுப்பாகிவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கூட்டிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் எலிமென்ட்டைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்றார். நாலு நாள் இப்படியே போனது.

கடைசியில் டார்ச் அடித்துக் கீழிருந்து பார்த்தேன். கீசரின் இரண்டு குழாய் வாயிலும் வண்ண வளையம் உண்டு, நீலத்தில் குளிர்நீர் உள்ளே போகும், சிவப்பில் சுடுநீர் வெளியே வரும். அதை மூடியிருந்த ஸ்டீல் கிண்ணத்தை இறக்கியதும் தெரிந்தது: குளிர்நீர் ஹோஸ் சிவப்பில் இருந்தது, சேஃப்டி வால்வோடு சேர்த்து.

சுடுநீர் மேலே நிற்கும். அதனால் சிவப்பு வாயின் குழாய் தொட்டியின் உச்சிவரை போகும், நீலம் அடியிலேயே முடியும். மாறிவிட்டால் பச்சைத் தண்ணீர் உச்சியில் விழுந்து எல்லாவற்றோடும் கலக்கும்.

மின்சாரத்தை அணைத்து, தண்ணீரை வடித்து, ஹோஸ்களை மாற்றி, வால்வை நீலப்பக்கம் போட்டோம். சுடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச் போட்டேன். இப்போது ஒரு வாளி முழுக்கச் சூடாக வருகிறது. அப்பாடா!