நுண்ணலை வானத்தில் ஒரு கோணத்தை அளந்து பிரபஞ்சத்தின் வடிவத்தைக் கணக்கிடுவது எப்படி?

வானத்தின் எந்தத் திசையில் ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பினாலும், நட்சத்திரமே இல்லாத இருட்டுப் பகுதியிலிருந்துகூட, மெல்லிய நுண்ணலை ஒளி வந்துகொண்டே இருக்கிறது. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964-இல் நியூ ஜெர்சியில் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில் இதைக் கண்டார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், எந்தப் பருவத்தில் பார்த்தாலும் அந்த இரைச்சல் அப்படியே இருந்தது. இதைத்தான் அண்ட நுண்ணலைப் பின்னணி என்கிறோம். இதை வைத்து நம் பிரபஞ்சம் தட்டையானதா, வளைந்ததா என்று கண்டுபிடிக்கலாம். ஒரு கால்குலேட்டர் போதும், வாங்க.

படி 1: இந்த ஒளி எங்கிருந்து கிளம்பியது?

இப்போது இதன் வெப்பநிலை 2.725 கெல்வின். ஆரம்பத்தில் பிரபஞ்சம் சூடான பிளாஸ்மாவாக இருந்தது. எலக்ட்ரான்கள் அணுக்களில் கட்டுப்படாமல் திரிந்ததால், ஒளி கொஞ்ச தூரம் போவதற்குள் ஏதாவது ஓர் எலக்ட்ரானில் மோதித் திசைமாறியது. பிரபஞ்சம் விரிந்து சுமார் 3,000 கெல்வினுக்குக் குளிர்ந்ததும் எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்கள் ஆயின. தடை நீங்கியது, ஒளி நேராகக் கிளம்பியது. பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 3.8 லட்சம் ஆண்டுகளில் இது நடந்தது.

ஹைட்ரஜனை உடைக்கத் தேவையான ஆற்றலைப் பார்த்தால், அணுக்கள் இதைவிடப் பல மடங்கு அதிக வெப்பத்திலேயே உருவாகியிருக்க வேண்டாமா? ஆனால் ஒரு புரோட்டானுக்கு நூறு கோடிக்கும் மேல் ஃபோட்டான்கள் இருந்தன. சராசரி ஃபோட்டானுக்குச் சக்தி குறைந்த பிறகும், அந்தப் பெருங்கூட்டத்தில் அணுவை உடைக்கும் வலுவுள்ள சில எப்போதும் இருந்துகொண்டே இருந்தன. அவையும் போதுமான அளவு குறைய 3,000 கெல்வின் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்போது முதல் கணக்கு. 3,000-ஐ 2.725-ஆல் வகுத்தால் 1,100. அந்த ஒளி கிளம்பியதிலிருந்து பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது.

படி 2: வரைபடத்தைச் சுத்தம் செய்வது

இந்தப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் நீல-சிவப்புப் புள்ளி வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கி நேரடியாக அப்படி ஒரு படத்தைத் தருவதில்லை. முதலில் எங்கும் சமமாக உள்ள 2.725 கெல்வினைக் கழிக்க வேண்டும். அப்புறம் பார்த்தால் வானத்தின் ஒரு பாதி சற்றுச் சூடாகவும் மறுபாதி சற்றுக் குளிர்ச்சியாகவும் தெரியும். சூரியக் குடும்பம் சிம்ம விண்மீன் கூட்டத்துக்கு அருகிலுள்ள ஒரு திசையை நோக்கி விநாடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதால் வரும் வித்தியாசம் இது. இதையும் கழிக்கிறார்கள்.

கடைசியாக நம் பால்வீதியின் தூசியும் காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களும் தரும் ஒளி. இதுதான் கடினமான பகுதி. தூசியின் ஒளி அலைவரிசை கூடக்கூடப் பிரகாசமாகிறது, எலக்ட்ரான்களின் ஒளி மங்குகிறது. பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை மட்டும் எல்லா அலைவரிசையிலும் ஒன்றே. அதனால்தான் பிளாங்க் ஒரே வானத்தை ஒன்பது அலைவரிசைகளில் அளந்தது. இது சரியாக நடக்காவிட்டால், பால்வீதியின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு பட்டை மிச்சமிருந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சமிருப்பது, சராசரியில் லட்சத்தில் சில பங்கு அளவேயான ஏற்ற இறக்கம். நமக்கு வேண்டியது அதுதான்.

படி 3: புள்ளிகளுக்கு ஏன் ஒரு குறிப்பிட்ட அளவு?

பிளாஸ்மாவில் எங்கெல்லாம் பொருள் கொஞ்சம் அடர்த்தியாக இருந்ததோ, அங்கே ஈர்ப்பு அதை உள்ளே இழுத்தது. ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளியது. இந்த இழுபறி, ஒலி அலைகளாக எல்லாப் பக்கமும் பரவியது. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல். அணுக்கள் உருவாகி ஒளி விலகியதும் அழுத்தம் போனது, அலைகள் அங்கேயே நின்றுவிட்டன.

அதுவரை ஒலி எவ்வளவு தூரம் போயிருக்கும்? வேகத்தை 3.8 லட்சம் ஆண்டால் பெருக்கினால் 2 லட்சம் ஒளியாண்டுகளை ஒட்டி வரும். ஆனால் ஒலி கடந்து வந்த வெளியும் விரிந்துகொண்டே இருந்ததால், உண்மையான தூரம் சுமார் 4.3 லட்சம் ஒளியாண்டுகள். ஆதிப் பிரபஞ்சம் நமக்கு விட்டுச்சென்ற அளவுகோல் இது.

படி 4: கோணத்தைக் கணிப்பது

நாம் பார்க்கும் ஒளி கிளம்பியபோது, அந்த இடம் நம்மிடமிருந்து சுமார் 4.15 கோடி ஒளியாண்டுகள் தொலைவில் இருந்தது. (இன்று அதே இடம் சுமார் 4,500 கோடி ஒளியாண்டுகள் தள்ளிப் போய்விட்டது.) வெளி தட்டையானது என்று வைத்துக்கொண்டால், அளவுகோலைத் தூரத்தால் வகுத்து, டிகிரிக்கு மாற்ற 57.3-ஆல் பெருக்கினால் போதும்:

```
430000 / 41500000 = 0.0104
0.0104 × 57.3 = 0.6
```

அதாவது 0.6 டிகிரி. நிலா நம் கண்ணுக்குத் தெரியும் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

பலரும் தடுக்கி விழும் இடம் இது. பிரபஞ்சத்தின் வயதிலிருந்து 1,380 கோடி ஒளியாண்டு என்று எடுத்து வகுத்தால் 0.002 டிகிரிக்கும் குறைவாக வரும். உங்களுக்கு அப்படி வந்தால் தூரத்தில்தான் பிழை. ஒளி கிளம்பிய நேரத்துத் தூரத்தையே எடுக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கதிர்களுக்கு இடையிலான கோணம் அப்போதே தீர்மானமாகிவிட்டது.

படி 5: வானத்தில் அளப்பது

கண்ணால் பார்த்துப் புள்ளிகளை அளக்க முடியாது, எல்லா அளவிலும் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு கோண அளவிலும் ஏற்ற இறக்கம் எவ்வளவு வலுவானது என்று கணக்கிட்டு வரைகிறார்கள். கிடைமட்ட அச்சில் `ℓ` என்ற எண் இருக்கும். 180-ஐ `ℓ`-ஆல் வகுத்தால் ஏறத்தாழ அந்தக் கோணம் டிகிரியில் கிடைக்கும். பிளாங்க் வரைபடத்தில் முதல் மூன்று சிகரங்கள் சுமார் 220, 537, 810 என்ற இடங்களில் உள்ளன.

முதல் சிகரத்தை மட்டும் எடுத்தால் 180 / 220 = 0.8 டிகிரி. நம் கணிப்போடு ஒட்டவில்லையே? ஈர்ப்பு அந்த அலைகளைத் தள்ளிவிட்டதால் சிகரங்கள் எல்லாமே கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. எனவே சிகரங்களுக்கு இடையிலான தூரத்தை எடுப்பது மேல்:

```
(810 - 220) / 2 = 295
180 / 295 = 0.61
```

கணிப்பு 0.6, அளவீடு 0.61!

படி 6: வடிவத்தைப் படிப்பது

வெளி ஒரு கோளப்பரப்பைப் போல வளைந்திருந்தால், வழியில் கதிர்கள் வளைந்து அதே அளவுகோல் பெரிய கோணமாகத் தெரிந்திருக்கும். எதிர்ப்பக்கம் வளைந்திருந்தால் சிறியதாக. உதாரணத்துக்கு, விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலே இல்லாமல், தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தியில் 30 சதவீதம் மட்டும் உள்ள ஒரு பிரபஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்தக் கோணம் மூன்றில் ஒரு டிகிரி அளவுக்குச் சுருங்கி, சிகர இடைவெளி 500-ஐத் தாண்டியிருக்கும். 1990-களில் பலர் இதைத் தீவிரமாகக் கருதினார்கள். அண்டார்க்டிகாவின் மேல் பறந்த பூமராங் பலூன் சோதனையின் முடிவுகள் 2000-இல் வெளியானபோது முதல் சிகரம் 200-ஐ ஒட்டியே தெரிந்தது.

ஒரு வரம்பை இங்கே சொல்லியாக வேண்டும். நான் கொடுத்த 4.15 கோடி என்ற தூரமே பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதைப் பொறுத்தது. விரிவு வேகத்தை மாற்றி, வளைவையும் சேர்த்து மாற்றினால் அதே கோணம் கிடைக்கும்படி செய்துவிடலாம். அதனால் இந்தக் கோணம் மட்டும் தனியாக முடிவு சொல்லாது. விண்மீன் மண்டலங்களின் பரவலிலும் அதே ஒலி அலைகளின் தடம், இன்றைக்குச் சுமார் 50 கோடி ஒளியாண்டு நீளத்தில் பதிந்திருக்கிறது. ஒரே அளவுகோலை மிகவும் அருகில் வைத்து இன்னொரு முறை அளந்தது போல இது. இரண்டையும் சேர்த்தால் அந்த ஏமாற்று வழி அடைபடுகிறது. வெளி தட்டையானது என்ற முடிவு ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழை வரம்பில் நிற்கிறது.