ஒரே நோட்டீஸ், மூன்று வரி

தங்கச்சிமடத்தில் மீனவர்கள் ஒரு நோட்டீஸ் அடித்ததாக வைத்துக்கொள்வோம். 'நம் படகுகளைப் பிடித்து வைத்திருக்கும் இலங்கைக் கடற்படை கொள்ளைக்கூட்டம், தட்டிக்கேட்காத நம் அரசு கையாலாகாதது' என்பது முதல் வரி. 'மானியக் கோப்பில் கையெழுத்துப் போட அந்த அதிகாரி லஞ்சம் கேட்கிறார்' என்பது இரண்டாவது. 'நாளைக் காலை பாம்பன் பாலத்துக்கு வாருங்கள், பஸ்களை அடித்து நொறுக்குவோம்' என்பது மூன்றாவது.

பலர் இதில் சறுக்குவது, முழு நோட்டீஸையும் தடுக்க ஒரே காரணத்தை ஒட்டுவதில்தான். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 19(2) பிரிவு எட்டுக் காரணங்களைச் சொல்கிறது. பட்டியல் அத்தோடு முடிந்தது. 'பொதுநலன்' அதில் இல்லை என்பதை 1961இல் சகால் நாளிதழ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் உத்தரவுகளில் தலைகாட்டாமல் இருப்பதில்லை!

முதல் வரியில் இலங்கையின் பெயர் வருவதால் 'அயல்நாடுகளுடன் நட்புறவு' என்ற காரணத்தை எடுத்து நீட்டுவார்கள். பேச்சின் பொருளைப் பார்த்துக் காரணத்தைத் தேர்வது தவறு. அந்தப் பேச்சால் நேரும் கேட்டைப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் ஒட்டிய ஒரு வசையால் இரு நாட்டு உறவுக்கு என்ன ஊறு நேர்ந்தது என்று காட்ட முடியாவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. தவிர, 19(2) தானாக யாரையும் தடுக்காது. அந்தக் காரணத்துக்காக இயற்றப்பட்ட சட்டம் ஒன்று கையில் வேண்டும். அரசைக் கையாலாகாதது என்பதோ வெறும் விமர்சனம்.

இரண்டாவது வரிக்குப் பொருந்தக்கூடியது அவதூறு மட்டுமே. 'அலுவலகத்தில் கொந்தளிப்பு வரும்' என்று பொது ஒழுங்கை இழுப்பது வீண். 1994இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கின் தீர்ப்பு இங்கே உதவும். அச்சேறும் முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது. பணி தொடர்பான செயலைப் பற்றி எழுதியதற்கு இழப்பீடு கேட்கும் அதிகாரி, அது பொய் என்பதையும், உண்மையா என்று சற்றும் கவலைப்படாமல் வெளியிட்டார்கள் என்பதையும் நிறுவ வேண்டும். ஆனால், 'அப்படியானால் பயமில்லை' என்று எழுதுபவர் நினைப்பதும் தவறுதான். குற்றவியல் அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. லஞ்சம் கேட்டதற்குச் சாட்சியோ குறிப்போ கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வரிதான் உண்மையில் மாட்டும். நாள், இடம், செய்யவேண்டிய குற்றம் மூன்றும் அதில் இருக்கின்றன. பேச்சுக்கும் கலவரத்துக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும், எட்டாத கற்பனை போதாது என்று 1960இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் சொன்னது இங்கே நிறைவேறுகிறது. குற்றம் புரியத் தூண்டுதல், பொது ஒழுங்கு இரண்டுமே பொருந்தும். 'பாலத்தில் கூடிக் கண்டன முழக்கம் எழுப்புவோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டுமே பொருந்தாது. மூன்றாவது வரிக்காகப் பதியும் வழக்கில் முதல் இரண்டு வரிகளையும் சேர்த்திருந்தால், எந்த வரிக்கு எந்தச் சட்டம் என்று தனித்தனியாகக் கேட்பதுதான் வழக்கறிஞரின் முதல் வேலை.