இத்தாலியில் வாங்கிய பழைய கார்: எதை மொழிபெயர்க்க வேண்டும்?

இத்தாலியில் வாங்கிய பழைய காரை ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ கொண்டுபோகிறவர்கள், பதிவுப் பத்திரத்தை முழுசாக மொழிபெயர்க்கப் பணம் கொடுப்பதற்கு முன் பதிவு அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இந்தப் பத்திரத்தில் ஒரே குறியீடுகள்தான்: A வண்டி எண், E சேசிஸ் எண், P.2 கிலோவாட் கணக்கில் எஞ்சின் திறன். B, I இரண்டும் தேதிகள் என்பதால்தான் குழப்பம். B என்பது வண்டியின் முதல் பதிவு. I என்பது இந்தப் பத்திரம் எந்தப் பதிவுக்கானதோ அதன் தேதி. 2014இல் வேறு நாட்டில் பதிவாகி 2018இல் இத்தாலிக்கு வந்த காரில் இரண்டும் வேறாக இருக்கும். வண்டியின் வயசுக்கு B-யைத்தான் பாருங்கள்.

விற்பனை ஒப்பந்தம் அப்படியில்லை, அதற்கு நல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும். முன்பணத்துக்கு இத்தாலியனில் இரண்டு சொற்கள். ‘அக்கோன்டோ’ என்றால் விலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். ‘கப்பாரா கொன்ஃபிர்மத்தோரியா’ என்றால் நீங்கள் பின்வாங்கினால் விற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம். அவர் பின்வாங்கினால் நீங்கள் இரட்டிப்பாகக் கேட்கலாம். 500 யூரோ கொடுத்திருந்தால் 1,000. இரண்டையும் வெறும் ‘அட்வான்ஸ்’ என்று எழுதிவிட்டால் இந்த உரிமை காகிதத்திலிருந்தே காணாமல் போய்விடும்.

அப்புறம், 85.000 கிமீ என்று இருந்தால் அது எண்பத்தைந்தாயிரம். அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குத்தான் காற்புள்ளி.